மாமாவின் கம்பெனி பாலிசி சொந்தப் பாலிசியான கதை

சிங்கப்பூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் ஆளோடு ஒட்டிய மருத்துவக் காப்பீடு. வேலை மாறினாலும் வேலையே இல்லாவிட்டாலும் அது தொடரும். அந்தப் பழக்கத்தில், கோவையில் அக்கா வீட்டுக்காரர் ஜனவரி 31 அன்று ஓய்வு பெறுகிறார் என்றதும், காப்பீடு மார்ச் வரை இருக்கும்தானே என்று கேட்டேன். பாலிசி ஆண்டு மார்ச்சில்தான் முடிகிறது. ஆனால் பிரீமியம் கம்பெனி கட்டுவது. ரிலீவிங் தேதியோடு மாமாவின் பெயரையும் அக்காவின் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். பிப்ரவரி 1 அன்று இ-கார்டைக் காட்டினால் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்டரில் 'ஆக்டிவ் இல்லை' என்றுதான் வரும்.

அக்காவுக்குச் சர்க்கரை பல வருடங்களாக இருக்கிறது. வலது மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்களுக்குப் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டும். மூட்டு மாற்று போன்ற சில சிகிச்சைகளுக்குத் தனியாக ஒரு காத்திருப்பு உண்டு, பல பாலிசிகளில் 24 மாதம். கம்பெனி பாலிசிகளில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பெல்லாம் முதல் நாளிலிருந்தே கிடையாது. அதனால் மாமாவுக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது.

இதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதியில் வழி இருக்கிறது. கம்பெனி எடுக்கும் இந்த மாதிரி குரூப் பாலிசியிலிருந்து வெளியேறுகிறவர், குடும்பத்தினரோடு சேர்த்து, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ, குடும்பம் முழுக்க ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்ப ஃப்ளோட்டருக்கோ மாறலாம். இதற்கு மைக்ரேஷன் என்று பெயர். குரூப்பில் கழித்த காலம் புதிய பாலிசியின் காத்திருப்பில் கழிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கூட வருவது கழித்த மாதங்கள்தான், குரூப்பில் இருந்த காத்திருப்பு விலக்கு அல்ல. குரூப்பில் ஒரு வருடம் மட்டும் இருந்தவருக்கு, அங்கே சர்க்கரைக்கு கிளெய்ம் கிடைத்திருந்தாலும், சொந்தப் பாலிசியில் மீதி இரண்டு வருடம் காத்திருப்பு இருக்கலாம்.

சரி, கேட்டுவிடலாம் என்று நிறுவனத்தின் கால்சென்டருக்குப் போன் போட்டால், எடுத்த பெண் மிக மரியாதையாக, "சார், ஆன்லைன்ல அஞ்சே நிமிஷத்துல புதுப் பாலிசி போட்டுக்கலாம், லிங்க் அனுப்பட்டுமா?" என்றார். மைக்ரேஷன் என்றேன். ஹோல்டில் போட்டார். திரும்பி வந்து அதே லிங்க்கைப் பற்றியே பேசினார். அந்த லிங்க்கில் பணம் கட்டியிருந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். அக்கா மூட்டு வலியோடு இன்னும் இரண்டு வருடம் மாடிப்படி ஏறியிருப்பாள்.

மறுநாள் கிளைக்கே போனோம். அங்கிருந்த அதிகாரிக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர் சொன்னது: "குரூப்புல உங்க பேருக்குன்னு தனி பாலிசி கிடையாதுங்க. பாலிசி கம்பெனி பேர்ல. நீங்க அதுல எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் இருந்தீங்கன்னு பேப்பர் கொண்டாங்க, நான் அனுப்பி வைக்கிறேன்." அவர் கம்ப்யூட்டரில் தெரிந்தது 2024 ஏப்ரலிலிருந்துதான். அதற்கு முன் மாமாவின் கம்பெனி வேறு நிறுவனத்திடம் பாலிசி வைத்திருந்தது. கம்பெனிகள் மலிவான விலை பார்த்து நிறுவனத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், ஊழியர்கள் புது இ-கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2024 ஏப்ரல் முதல் 2026 ஜனவரி முடிய 22 மாதம். மூட்டுக்கு இன்னும் 2 மாதம் பாக்கி, சர்க்கரை சம்பந்தப்பட்டவற்றுக்கு 14 மாதம் பாக்கி. முந்தைய நிறுவனத்தில் இருந்த இரண்டு வருடத்துக்குச் சான்று கிடைத்தால் 46 மாதமாகிவிடும், இரண்டுமே தீர்ந்தது.

ஹெச்.ஆரில் பழைய பட்டியல் இல்லை என்றார்கள். அங்கிருந்த ஒரு தம்பிதான், "புரோக்கர்கிட்ட இருக்கும் சார், வருஷா வருஷம் மெம்பர் லிஸ்ட் அவங்கதான் அனுப்புவாங்க" என்று சொல்லி மெயில் போட்டுக் கொடுத்தார். பெரிய கம்பெனிகளின் குரூப் பாலிசி பெரும்பாலும் புரோக்கர் வழியாகத்தான் நடக்கும். இது தெரிந்திருந்தால் முதல் நாளே அங்கே கேட்கலாம். இரண்டு வருடத்து பாலிசி நகல், மாமா, அக்கா பெயர் இருக்கும் பட்டியல் பக்கம், இவர்கள் இடைவெளி இல்லாமல் காப்பீட்டில் இருந்தார்கள் என்று ஹெச்.ஆர். லெட்டர்பேடில் ஒரு கடிதம். இந்த மூன்றையும் மாமா வேலையில் இருக்கும்போதே வாங்கிவிட்டோம். ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தபின் கேட்டால் பதில் வரும் வேகமே வேறு.

விண்ணப்பமும் ரிலீவிங் தேதிக்கு முன்பே உள்ளே போய்விட்டது. சில நிறுவனங்கள் வெளியேறிய பின்னும் கொஞ்சம் அவகாசம் தருகின்றன. ஆனால் இடையில் விழும் நாட்களில் ஏதாவது ஆனால் யாரும் பணம் தர மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் அக்காவின் சர்க்கரையை எழுத மாமாவுக்கு மனமில்லை. "எழுதினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க" என்றார். அந்தப் பயம் முழுக்கத் தவறும் அல்ல. குரூப்பிலிருந்து வருபவரை நிறுவனம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம், லோடிங் என்று பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கவும் மறுக்கலாம். ஆனால் மறைத்து வாங்கிய பாலிசி கிளெய்ம் நேரத்தில் கவிழும். பழைய கிளெய்ம்களில் சர்க்கரை பதிவாகியிருக்கும்போது மறைப்பதில் அர்த்தமும் இல்லை. எழுதினோம். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் முடிந்து, அக்காவுக்கு லோடிங் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஒரு ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது.

இன்னொரு வாக்குவாதம் தொகையைப் பற்றி. குரூப்பில் 5 லட்சம் இருந்தது, மாமா 10 லட்சம் வேண்டும் என்றார். எடுக்கலாம், ஆனால் பழைய 5 லட்சத்துக்கு மட்டும்தான் கழித்த மாதங்கள் பொருந்தும். கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். மூட்டு மாற்றுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த மதிப்பீடு 3 லட்சத்துக்குள் என்பதால் அது பழைய பகுதியிலேயே அடங்கிவிடும். 10 லட்சமே எடுத்தார்கள்.

பாலிசி மெயிலில் வந்ததும் நான் முதலில் பார்த்தது ஷெட்யூல் பக்கத்தில் பெயருக்கு நேரே இருக்கும் தேதிக் கட்டத்தை. முதன்முதலாகக் காப்பீட்டில் சேர்ந்த தேதி என்ற அந்த இடத்தில் மாமாவுக்கு 2022 ஏப்ரல் என்றிருந்தது, அக்காவுக்கு 2026 பிப்ரவரி! யாரோ ஒருவர் தட்டச்சில் விட்ட பிழை. அதைக் கவனிக்காமல் ஃபைலில் வைத்திருந்தால், ஆபரேஷன் அனுமதி கேட்கும் அன்று அக்கா புது ஆள். பாலிசி கையில் வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை இருப்பதால், அந்த 30 நாளுக்குள் இதைச் சரிபார்த்துவிட வேண்டும். கிளை அதிகாரிக்கு மெயில் போட்டு, பட்டியல் பக்கத்தை மறுபடி இணைத்தேன். அசையவில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிவு செய்தேன், அப்புறம் திருத்திய ஷெட்யூல் வந்தது. அதிலும் பதில் வராமல் போயிருந்தால் அடுத்தது சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம்.

மாமாவின் செக்‌ஷனில் அடுத்து ஓய்வு பெறுபவருக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அவரிடம் இப்போதே ஒரு சிறிய சொந்தப் பாலிசி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் மாமா. கம்பெனி பாலிசி செலவைப் பார்த்துக்கொள்ளும்போதே இதன் காத்திருப்பும் கூடவே ஓடி முடிந்துவிடும், யாரிடமும் பழைய பட்டியல் கேட்டு நிற்க வேண்டியதில்லை.