மொத்தத் தொகை பேசி ஏமாந்த கதை: புதிதாக ஃப்ரீலான்ஸ் தொடங்குகிறவர்கள் படியுங்கள்

கணக்கர் வேலையை விட்டுவிட்டு நான் தனியாக ஏற்ற முதல் பெரிய வேலை இது. திருப்பூர் பக்கம் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு டேலியில் கணக்கும் சரக்கு இருப்பும் அமைத்துத் தர வேண்டும். மணிக்கு 750 ரூபாய் என்றேன். "மணிக்கணக்கெல்லாம் வேண்டாம் தம்பி, மொத்தமா ஒரு தொகை சொல்லுங்க" என்றார் முதலாளி. 80 மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு 60,000 சொன்னேன். பாதி முன்பணம், மீதி "வேலை முடிந்ததும்". கொட்டேஷனில் நான் எழுதியது ஒரே வரி: "டேலி அமைப்பு, சரக்கு இருப்பு, அறிக்கைகள் முதலியன."

அந்த 'முதலியன'தான் என்னைக் கவிழ்த்தது. சுமார் 400 பொருள்கள் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். வந்த எக்செல் கோப்பில் 2,300 வரிகள். ஒரே நூல் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில், சிலது கிலோவில், சிலது பையில். அதைச் சுத்தம் செய்யவே 46 மணி நேரம் போனது. அப்புறம் இரண்டாவது குடோன் வந்தது. அதன் பிறகு சம்பளப் பட்டியல், ஊழியர்களுக்குப் பயிற்சி. ஒவ்வொரு தடவையும் "சின்ன வேலைதான், இதுவும் அதிலேயே வரும்" என்றார்கள். மறுக்க என் கையில் எழுத்தில் எதுவும் இல்லை.

நோட்டில் குறித்து வைத்ததைக் கூட்டினால் 190 மணி நேரம். முழுப் பணமும் வந்திருந்தாலே மணிக்கு சுமார் 316 ரூபாய்தான். வந்தது முன்பணம் மட்டும். மீதியைக் கேட்டால், "வேலை இன்னும் முடியலையே" என்கிறார்கள். எது முடிவு என்று நானும் எழுதவில்லை, அவர்களும் எழுதவில்லை.

மொத்தத் தொகையே தவறு என்று சொல்ல மாட்டேன். வேலையின் அளவு தெரிந்தால் அதுதான் இருவருக்கும் வசதி. அளவு தெரியாதபோது தொகை சொன்னதுதான் என் தவறு. இப்போது முதல் ஐந்தாறு மணி நேரத்தை மணிக்கணக்கில் வாங்கிக்கொண்டு, கோப்பைத் திறந்து பார்த்த பிறகே தொகை சொல்கிறேன். எத்தனை பொருள், எத்தனை குடோன், எத்தனை அறிக்கை, பயிற்சி எத்தனை நாள் என்று எண்ணிக்கையாக எழுதுகிறேன். அதைத் தாண்டினால் மணிக்கு இவ்வளவு, மின்னஞ்சலில் ஒப்புதல் வந்த பிறகே தொடங்குவேன் என்பதும் அதில் இருக்கும். கடைசித் தவணையைச் சிறியதாக வைத்து, கோப்பை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாள் என்று தேதியோடு கட்டிவிடுகிறேன்.

இன்னொன்று, வேலையை ஏற்கும் முன்பே, சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு. இதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

எண்ணிக்கையை எழுதித் தரச் சொன்னதும் பேச்சை மாற்றுகிறவரிடம் மொத்தத் தொகை பேசாதீர்கள். அன்று நான் கேட்டபோது அந்த முதலாளியும் "வாங்க, டீ சாப்பிடலாம்" என்றுதான் எழுந்தார்.