எக்ஸ்கவேட்டர் கையேடு: தனித்தமிழா, சைட் தமிழா?

பினாங்கு, பத்து காவான் பக்கத்து சைட் ஒன்றுக்காக 20 டன் எக்ஸ்கவேட்டரின் ஆப்பரேட்டர் கையேட்டை இரண்டு விதமாகத் தமிழாக்கிப் பார்த்தோம். ஒன்று முழுத் தனித்தமிழ். மற்றதில் பாகங்களின் பெயர்கள் மட்டும் சைட்டில் வழங்குகிறபடி, மீதி எல்லாம் தமிழ். செயின் டைட் பார்க்கும் பக்கத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது.

தனித்தமிழில்: "மேற்கட்டமைப்பை 90 பாகை சுழற்றி, தூக்குக்கையாலும் அகழ்வாளியாலும் ஒரு தொடர்ப்பட்டையை உயர்த்தவும். பின் அதனைச் சுழற்றவும்." வாசித்த ஆப்பரேட்டர் நிமிர்ந்து, "எதை சுத்தணும் அண்ணே?" என்றார். நியாயமான கேள்வி. பக்கெட்டை ஊன்றி வண்டி ஒரு பக்கம் தூக்கி நிற்கும்போது மேல்பகுதியைத் திருப்பினால் வண்டி சறுக்கிவிடும். ஸ்விங்குக்கும் செயின் ஓடுவதற்கும் ஒரே வினைச்சொல் போட்டது எங்கள் தவறு.

சைட் தமிழில்: "மேல்பகுதியை 90 டிகிரி ஸ்விங் செய்யவும். பக்கெட்டின் வளைந்த அடிப்பகுதியைத் தரையில் வைத்து, பூமை இறக்கி, ஒரு பக்கச் செயினைத் தரையை விட்டுத் தூக்கவும். பிறகு அந்தச் செயினை மட்டும் ஓட விடவும்." இதற்கு யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஆங்கிலச் சொல்லாகவே விட்டாலும் சரிவராது. செயின் டைட்டை அளப்பது, தூக்கிய செயின் நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்பதை வைத்துத்தான். டிராக் ஃபிரேமின் அடிக்கும் செயின் ஷூவின் மேற்புறத்துக்கும் உள்ள இடைவெளி அது. "டென்ஷன்" என்று தலைப்புப் போட்டு மில்லிமீட்டர் எண்ணைக் கொடுத்ததும், எண் பெரிதானால் டைட் அதிகம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் நேர் எதிர், எண் ஏற ஏறச் செயின் லூஸ். இங்கே "தொய்வு" என்ற தமிழ்ச் சொல்லே போதும். கயிறு கட்டத் தெரிந்த எவருக்கும் அது புரியும்.

மூன்றாவதாக, செயினுக்கு மலாய் வழக்கில் "ரந்தாய்" போடலாமா என்றும் பேசினோம். உள்ளூர்க்காரருக்குச் சரி, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்குத் தெரியாது. விட்டுவிட்டோம்.

எச்சரிக்கைகளில் மட்டும் நான் தமிழை விட்டுக்கொடுக்க மாட்டேன். டைட்டைக் குறைக்க கிரீஸ் வால்வைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் மிகப் பெரியது. வால்வை வேகமாகவோ அதிகமாகவோ திருப்பினால் அது பிய்த்துக்கொண்டு பறக்கும், பீய்ச்சும் கிரீஸ் தோலைத் துளைத்துவிடும். முதல் பிரதியில் வால்வைத் திருப்பும் திசையை "இடஞ்சுழியாக" என்று எழுதியிருந்தோம். இருவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். அச்சுக்குப் போனது இது, வால்வைத் திறக்கச் சொல்லும் வரிக்கு முன்னாலேயே, பெரிய எழுத்தில்: "முகத்தை வால்வுக்கு நேரே வைக்காதே. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பு. ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதே."