வீட்டு லோன் இன்சூரன்ஸ்: பாலிசியில் யார் பேர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டு லோனோடு சேர்த்து இன்சூரன்ஸும் போட்டாச்சு, நாளைக்கே எனக்கு ஒன்று ஆனாலும் கடன் அடைபட்டுவிடும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்றைக்கே அந்தப் பாலிசித் தாளைத் தேடி எடுங்கள். எங்கள் அக்கா வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். பேங்க் பேரும் இன்சூரன்ஸ் கம்பெனி பேரும் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது.

அத்தான் திருநெல்வேலி பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். 2019-ல் கே.டி.சி நகரில் வீடு கட்ட 25 லட்சம் லோன், 20 வருஷம், வட்டி எட்டரை. பட்டறைக்கு வருமான வரிக் கணக்கில் காட்டியது கொஞ்சம்தான், அதனால் சம்பளச் சீட்டு உள்ள அக்காவை முதல் விண்ணப்பதாரராகவும் அத்தானைக் கூட்டு விண்ணப்பதாரராகவும் போட்டார்கள். பெண் பேர் முதலில் இருந்தால் வட்டியில் துளி குறையும் என்றும் சொன்னார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் மாதாமாதம் இஎம்ஐ போனது முழுக்க அத்தான் கணக்கிலிருந்து.

கையெழுத்துப் போடும் நாளில் ஒரு கட்டுப் பேப்பரோடு இன்சூரன்ஸ் பாரமும் வந்தது. "ஒண்ணும் யோசிக்காதிய அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணுன்னா லோன் அன்னைக்கே க்ளோஸ், பத்திரம் மதினி கைக்கு வந்துரும்" என்று அத்தானைப் பார்த்துத்தான் அந்த லோன் ஆபீசர் சொன்னார். நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ப்ரீமியம் 94,000 ரூபாய், அதையும் லோனிலேயே சேர்த்துவிட்டார்கள். கையிலிருந்து ஒரு பைசா போகவில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 94,000-க்கும் எட்டரை வட்டி ஓடும். இஎம்ஐயில் மாதம் 816 ரூபாய் கூடும், 20 வருஷம் கட்டினால் கிட்டத்தட்ட 1.96 லட்சம்.

2024-ல் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து இறப்புச் சான்றிதழோடு போனால், கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இதுல உங்க அக்கால்லா இன்சூர்டு, தம்பி. அண்ணாச்சி பேர்ல ஒண்ணும் இல்லையே" என்றார். லோனில் அப்போது பாக்கி 22 லட்சத்துக்கு மேல்.

நடந்தது இதுதான். இந்த வகைப் பாலிசி பெரும்பாலும் குரூப் பாலிசி. மாஸ்டர் பாலிசி பேங்க் பேரில் இருக்கும், கடன் வாங்கியவர் அதில் ஒரு மெம்பர். மெம்பருக்குக் கிடைப்பது சர்டிஃபிகேட் ஆஃப் இன்சூரன்ஸ் என்கிற ஒரு தாள், இப்போது மெயிலில் பிடிஎஃப் ஆக வந்துவிடுகிறது, யாரும் திறப்பதில்லை. லோன் ரெண்டு பேர் பேரில் இருந்தால் இன்சூரன்ஸும் ரெண்டு பேருக்கும் என்று அர்த்தமே இல்லை. ஜாயின்ட் லைஃப் என்று ஒரு கட்டம் பாரத்தில் இருக்கும். அதை டிக் செய்தால்தான் ரெண்டாவது ஆள் உள்ளே வருவார், ப்ரீமியமும் கூடும். எங்கள் பாரத்தில் அது காலி. சம்பளக்காரர் பேரில் சட்டென்று முடிந்துவிடும், பட்டறைக்காரர் என்றால் மெடிக்கல் டெஸ்ட் அது இது என்று இழுக்கும் என்பதுதான் காரணமாக இருக்கும், இது என் ஊகம். ஜாயின்ட் போட்டிருந்தாலும் பங்கைக் கவனியுங்கள். ஆளுக்குப் பாதி என்று எழுதியிருந்தால், ஒருவர் போனால் பாதிக் கடன்தான் அடையும்.

அந்தத் தாளை நாங்கள் உட்கார்ந்து படித்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. கவர் 10 வருஷத்துக்குத்தான், லோனோ 20 வருஷம். பத்தாவது வருஷம் முடியும்போது அசலில் 18 லட்சத்துக்கு மேல் நிற்கும், இன்சூரன்ஸ் அதோடு காலி. அந்தப் பத்து வருஷத்திலும் கவர் தொகை ஒரே அளவில் நிற்காது. பின்பக்கம் ஒரு அட்டவணை இருக்கிறது, இந்த மாதம் இறந்தால் இவ்வளவு என்று வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போகும். அது பாலிசி போட்ட அன்றைய வட்டியை வைத்துப் போட்ட கணக்கு. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, பேங்குகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. அப்போது பல பேங்குகள் இஎம்ஐயை ஏற்றாமல் தவணை மாதங்களை நீட்டின. அப்படி நீண்ட லோனில் உண்மையான பாக்கி அட்டவணையை விட அதிகமாக இருக்கும். க்ளெய்ம் வந்தாலும் அட்டவணைத் தொகைதான் வரும், மீதியும் கட்டாத தவணைகளும் குடும்பத்தின் தலையில்.

உடம்பு பற்றிய கேள்விகளுக்கும் அந்த ஆபீசரே வரிசையாக 'இல்லை' போட்டிருந்தார். அக்கா பல வருஷமாக பி.பி மாத்திரை சாப்பிடுகிறவள். பாலிசி தொடங்கி மூன்று வருஷம் தாண்டிவிட்டால் இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவின்படி இதைச் சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. மூன்று வருஷத்துக்குள் என்றால் இதே ஒரு டிக் போதும், கம்பெனிக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

சரி, வீடு என்ன ஆகும்? ஆள் இறந்ததால் பேங்க் உடனே வீட்டைப் பிடுங்கிவிட முடியாது, ஆனால் கடனும் அழியாது. அக்கா கூட்டுக் கடனாளி, முழு பாக்கியும் அவள் பொறுப்பு. வெறும் வாரிசாக இருப்பவர்கள் என்றால், அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. அத்தான் கணக்கு முடங்கியதும் இஎம்ஐ பவுன்ஸ் ஆக ஆரம்பித்தது, யாரும் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் முதல் வேலையாக இறப்புச் சான்றிதழை இணைத்து பிராஞ்ச்சுக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், தவணையை உயிரோடு இருப்பவர் கணக்குக்கு மாற்றுங்கள். 90 நாள் நிலுவை தாண்டினால் வாராக் கடன். அதன் பிறகு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதற்கும் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தலாம். அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நம் பக்கத்துக்கு அது மதுரை.

வீட்டை விற்றே கடனை அடைத்துவிடலாம் என்று மாமா சொன்னார். அதுவும் லேசு இல்லை. இடம் ரெண்டு பேர் பேரில். அத்தான் உயில் எழுதவில்லை, அதனால் அவர் பாதிக்கு அக்கா, பையன், அத்தானின் அம்மா மூன்று பேரும் வாரிசு. பையனுக்கு வயது 11, மைனர் பங்கை விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இந்த இன்சூரன்ஸ் போட்டால்தான் லோன் என்று யார் சொன்னாலும் அது பொய், எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. இப்போது போடுகிறவர்களுக்கு, பாலிசி கையில் கிடைத்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. வீட்டுக்குத் தீ, வெள்ளம் என்று போடுகிற இன்சூரன்ஸையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கட்டடத்துக்கு மட்டும். என்னைக் கேட்டால் சம்பாதிக்கிற ஆள் பேரில் தனியாக ஒரு டெர்ம் பாலிசி நல்லது. கவர் குறையாது, பணம் நாமினி கைக்கு வரும், லோனை வேறு பேங்குக்கு மாற்றினாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

கம்பெனிக்கு எழுதிய புகாருக்கு, கையெழுத்து உங்களுடையது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலோடு, இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேலான புகார்களை விசாரிக்கிற, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பியிருக்கிறோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம், ஆனால் கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். எங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: இஎம்ஐ எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று தெரிந்தே, அந்த ஆளை விட்டுவிட்டு வேறொருவரை இன்சூர் செய்திருக்கிறார்கள் என்பதற்கு லோன் பைலே சாட்சி. அக்கா இப்போதைக்குத் தன் சம்பளத்தில் தவணையைக் கட்டுகிறாள், பட்டறையை வாடகைக்கு விட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.