மாதக் கடைசி நாளை விழுங்கும் பில்லிங் சாஃப்ட்வேர்: நான்கு வருட அனுபவம்

எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற பில்லிங் சாஃப்ட்வேர் எப்படிண்ணே, வாங்கலாமா?" பேரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. நான்கு வருடமாக என் பெயிண்ட் கடை அதில்தான் ஓடுகிறது. பில் விழும் வேகத்திலும், கரண்ட் போய் வந்த பிறகும் பாதி அடித்த பில் அப்படியே நிற்பதிலும் குறை சொன்னால் எனக்கே அடுக்காது. என் கோபமெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கும் தேதிப் பெட்டி மேல்தான்.

2025 அக்டோபர் கணக்கை முடிக்கும்போது மாட்டியது. 1 முதல் 31 வரை போட்டு எடுத்த சேல்ஸ் ரிப்போர்ட்டுக்கும், தினமும் ராத்திரி கல்லா மூடும்போது எடுக்கும் டே குளோஸ் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கும் 84,260 ரூபாய் வித்தியாசம். தீபாவளி மாதம், பையன்கள் ஏதோ பில்லைத் தவற விட்டிருப்பார்கள் என்று இரண்டு ராத்திரி அவர்களைத் திட்டித் தீர்த்தேன். (அந்தப் பாவம் யாரைச் சேரும்?) மூன்றாம் நாள் தங்கை மகன் வந்தான். 31-ஆம் தேதி சீட்டை மட்டும் உருவி மேசையில் வைத்தான். அதில் இருந்த தொகையே 84,260.

"மாமா, ஒரு நாள் முழுசாக் காணோம்" என்றவன், `From`, `To` இரண்டிலும் 31-ஐப் போட்டான். ரிப்போர்ட் வெறுமையாக வந்தது. உங்கள் சாஃப்ட்வேரிலும் இந்தச் சோதனையை அரை நிமிடத்தில் செய்து பார்த்துவிடலாம்.

அவன் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். உள்ளே ஓடும் வரியைக் காட்டினான்:

```sql
WHERE bill_time BETWEEN '2025-10-01' AND '2025-10-31'
```

`bill_time` என்பதில் தேதியோடு மணியும் சேர்ந்து பதிவாகிறது. நாம் வெறும் தேதியைக் கொடுத்தால் மணி 00:00:00 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 31-ஆம் தேதி பிறந்த அந்த நொடியோடு கணக்கு மூடிவிடுகிறது. காலை 9:12-க்குப் போட்ட முதல் பில்லே வெளியே நிற்கிறது.

இத்தனை நாள் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. பர்ச்சேஸ் பில்களை நாங்கள் சாவகாசமாக, காலண்டரில் தேதியைத் தட்டித்தான் ஏற்றுவோம். மணி கிடையாது, எல்லாம் 00:00:00. `BETWEEN` இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும் என்பதால் 31-ஆம் தேதி பர்ச்சேஸ் ஒன்று விடாமல் வந்துவிடும். ஆடிட்டர் பில் பில்லாகப் பார்ப்பது அதைத்தான். ஜிஎஸ்டி பட்டியலோ மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வேறு திரையிலிருந்து வருகிறது, அதுவும் சரி. வருட ரிப்போர்ட்டில் ஒரு நாள்தான் போகும். பன்னிரண்டு மாத ரிப்போர்ட்டுகளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் பன்னிரண்டு நாள் போகும். ஆக, வருடக் கணக்கு பதினோரு நாள் விற்பனை அளவுக்குக் கூடவே நிற்கும். போன வருடம் அப்படி நின்றபோது என் கூட்டலைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். "`To`-ல அடுத்த நாளைப் போடுங்க சார்" என்றார்கள். சேல்ஸுக்கு அது சரியாக வந்தது. அதே பழக்கத்தில் பர்ச்சேஸுக்கும் நவம்பர் 1-ஐப் போட்டேன். அன்றைக்கு ஏற்றிய பில்களெல்லாம் அக்டோபருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அதற்குக் காரணமும் அந்த 00:00:00-தான். கடைசியில் "சேல்ஸுக்கு 1, பர்ச்சேஸுக்கு 31" என்று மானிட்டரில் சீட்டு ஒட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அப்டேட் வந்தது. கடைசித் தேதியோடு `23:59:59` சேர்த்திருந்தார்கள். தங்கை மகனுக்குத் திருப்தியில்லை. இந்த டேட்டாபேஸ் நொடியின் பின்னத்தையும் பதிகிறது, 23:59:59.4-க்கு விழும் பில் அப்போதும் தப்பிவிடும் என்றான். ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கும் எனக்கு அதனால் நட்டமில்லை. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் மெடிக்கல் கடைக்கு என்றாவது இடிக்கும். அவன் எழுதிக் காட்டியது இது:

```sql
WHERE bill_time >= '2025-10-01' AND bill_time < '2025-11-01'
```

திரையில் நாம் 31-ஐத்தான் தேர்ந்தெடுப்போம். ஒரு நாள் கூட்டி, அதற்கு முன்னே நிறுத்துவது புரோகிராமின் வேலை. மணி உள்ள பில், மணி இல்லாத பில் இரண்டுக்கும் இது ஒன்றே போதும், என் சீட்டும் வேண்டாம்.

சரி, சேல்ஸாவது ஒழுங்காயிற்றே என்று இருந்தேன். அடுத்த மாதம் சேல்ஸ் ரிட்டர்ன் ரிப்போர்ட்டை எடுத்தால் அதில் பழைய வரி அப்படியே இருக்கிறது! இப்போது கடைசி நாள் விற்பனை வருகிறது, அன்று திரும்பி வந்த சரக்கு வருவதில்லை. முன்பு குறைத்துக் காட்டியது, இப்போது கூட்டிக் காட்டுகிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி, வாங்காதீர்கள் என்றேன்.

"அப்போ நீங்க மாத்திட்டீங்களாண்ணே?"

"இல்லப்பா. போன மாசம்தான் இன்னும் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டினேன்."