ஒன்பது புடவை: ஒரே கட்டமாகவா, ஒவ்வொன்றாகவா?

தம்பி கல்யாண ரிசப்ஷனுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று பார்க்க, என் போட்டோ ஒன்றைக் கொடுத்து ஏஐ படக்கருவியில் ஒன்பது புடவைகளைப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்பதையும் 3×3 கட்டமாக ஒரே படத்தில் கேட்டேன், அப்புறம் அதே ஒன்பதை ஒவ்வொன்றாகச் செய்தேன். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் தாள்தான். ஆனால் ஜெயித்த புடவை வேறு.

ஒரே கட்டம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும், பார்க்கவும் ஆசையாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், 1024 புள்ளி அகலப் படத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்குச் சுமார் 341 புள்ளிதான் கிடைக்கிறது, அதில் முழு உருவமாக நின்றால் முகத்துக்கு ஐம்பது புள்ளிகூட மிஞ்சாது. அதுவும் கருவி என் முகத்தை வெட்டி ஒட்டுவதில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக வரைகிறது. லாவண்டர் ஷிபான் கட்டத்தில் கன்னம் இரண்டு ஷேடு வெளுத்து, இடுப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது. பாட்டில் பச்சைப் பட்டில் முகம் இருண்டுபோயிருந்தது. அம்மா லாவண்டரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது நீ இல்லடி, உன் சித்தி பொண்ணு மாதிரி இருக்கு" என்றார். அப்போதுதான் நான் புடவைக்கு மார்க் போடவில்லை, வெளுத்த முகத்துக்குப் போட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

ஒவ்வொன்றாகச் செய்யும்போது உடை இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் குறித்துக் காட்டி, மாற்றச் சொல்கிறோம். மாஸ்க்குக்கு வெளியே இருப்பதைத் தொடாத கருவியாக இருந்தால் முகம், கை, பின்னணி எல்லாம் பழைய போட்டோவில் இருந்தபடியே இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் அசல் போட்டோவிலிருந்தே தொடங்குவது. பச்சைப் புடவை வந்த படத்தையே எடுத்து அதைப் பிங்க் ஆக்கச் சொன்னால், முதல் படத்தின் பிசகு அடுத்ததிலும் ஏறும். அசல் போட்டோவும் ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு எடுத்ததாக இருக்கட்டும். என் முதல் போட்டோவில் பின்னல் முன்னால் கிடந்தது, முடி இழைகளுக்கு நடுவே பழைய சுடிதாரின் நீலம் கோடு கோடாகத் தங்கிவிட்டது. கையில் இருக்கும் புடவை என்றால் அதன் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு பார்டரைக் கருவியே கற்பனை செய்துவிடும்.

ஒன்பதும் வந்த பிறகு ஒரே அளவில் வெட்டி நானே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். மார்க் போடும் முன் கழித்துக்கட்டுவதும் உண்டு: முந்தானை வலது தோளுக்குப் போனது, பிளவுஸும் புடவையும் ஒன்றாகக் கலந்தது, கொசுவத்தில் பார்டர் அறுந்து நின்றது. அப்படி வந்த படத்துக்கு மதிப்பெண் கிடையாது, மறுபடி செய்யத்தான் வேண்டும். எனக்கு மூன்று படம் அப்படிப் போனது.

தாளில் நான்கு பத்தி: நிறப் பொருத்தம், நிகழ்ச்சிக்கு ஏற்றதா, நான்கு மணி நேரம் கட்டியிருக்க வசதியா, உடனே கிடைக்குமா. எது எவ்வளவு முக்கியம் என்பதற்கான எடை முறையே 3, 3, 2, 2. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண், அதை எடையால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 50. எக்செல் மாதிரி விரிதாளில் எடைகள் இரண்டாவது வரிசையில் B முதல் E வரை இருந்தால், மூன்றாவது வரிசைப் புடவைக்கு இது போதும்:

```
=SUMPRODUCT($B$2:$E$2,B3:E3)
```

ஒரு புடவையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஒன்பதுக்கும் நிறத்தை முடித்துவிட்டு வசதிக்குப் போங்கள், இல்லையென்றால் பிடித்த புடவைக்கு எல்லாப் பத்தியிலும் கை தாராளமாகிவிடும். வசதிக்கான மார்க்கைப் படத்தைப் பார்த்துப் போடவே முடியாது, பட்டின் கனமும் ஷிபான் நழுவுவதும் அதில் தெரியாது, புடவையைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் போட்டேன்.

ஒரே கட்டப் படத்தில் லாவண்டருக்கு 5, 3, 5, 4 போட்டு 42 வந்தது, பச்சைக்கு 3, 4, 3, 5 போட்டு 37. தனித்தனிப் படத்தில் லாவண்டரின் நிறப் பொருத்தம் 3 ஆகி மொத்தம் 36-க்கு இறங்கியது, பச்சை 5 ஆகி 43-க்கு ஏறியது. மற்ற மூன்று பத்தியில் ஒரு எண்கூட மாறவில்லை. ராணி பிங்க் 4, 5, 3, 2 வாங்கி 37-இல் நின்றது, அதைப் புதிதாக வாங்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

ஒன்பது படத்துக்கும் ஒரு மாலை முழுக்கப் போனது, அது உண்மை. இருபது முப்பது நிறம் மனதில் ஓடுகிறது, சுத்தமாகச் சரிவராததை மட்டும் தள்ள வேண்டும் என்றால் ஒரே கட்டம் போதும், அதில் மார்க் போடாதீர்கள். மிஞ்சுவது நாலைந்து என்றால் தனித்தனியாகச் செய்துவிட்டுத் தாளைத் திறங்கள். நான் பச்சையை எடுத்து, பிளவுஸ் கையை மட்டும் முழங்கை வரை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.