‘நெட் வரல’ என்று கூப்பிட்டால் முதலில் பார்க்க வேண்டியது: பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பு

இந்த அலுவலகத்தின் நெட்வொர்க் பெரிதில்லை. ஒரு ரவுட்டர், 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று, இரண்டு வைஃபை கருவிகள், கோப்புகள் இருக்கும் சர்வர், பிரிண்டர்கள். இத்தனை வருடம் இதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டது, பழுதுகள் பெரும்பாலும் புதிதாக வருவதில்லை என்பதுதான். அதே நாலைந்து பேர்தான் வேறு வேறு வேஷத்தில் வருவார்கள். ஆனால் எல்லாருடைய புகாரும் ‘நெட் வரல’ என்ற இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும்.

உடனே ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யத்தான் கை போகும். போகவிடாதீர்கள். பல சமயம் அதில் சரியாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் எது கெட்டது என்பதற்கான தடயமும் சேர்ந்தே போய்விடும், அடுத்த வாரம் அதே பழுது திரும்ப வரும். புகார் சொன்னவரின் கணினியில் முதலில் இதை அடியுங்கள்:

```
ipconfig /all
```

நம் ரவுட்டரின் முகவரி 192.168.10.1. கணினிகளுக்கும் போன்களுக்கும் அது டிஹெச்சிபி என்ற முறையில் 192.168.10.100 முதல் 199 வரை முகவரி கொடுக்கும். ஆகவே திரையில் IPv4 Address, Default Gateway, DHCP Server என்ற மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். மூன்றும் 192.168.10 என்று தொடங்கினால் பழுது வேறு எங்கோ இருக்கிறது. 192.168.0.x அல்லது 192.168.1.x என்று இருந்தால், யாரோ இன்னொரு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். 169.254 என்று வந்தால், கணினி முகவரி கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

இதில் அதிகம் தலைவலி கொடுத்தது அந்த இன்னொரு ரவுட்டர்தான். கூட்ட அறையில் வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து வந்தார். சுவரிலிருந்து வரும் கேபிளை அதன் LAN துளையில் செருகினார். வைஃபை பளிச்சென்று வந்தது, அவருக்குச் சந்தோஷம். அந்தப் பெட்டியோ அன்றிலிருந்து அலுவலகம் முழுவதற்கும் முகவரி விநியோகிக்க ஆரம்பித்துவிட்டது.

குழப்பம் எங்கே என்றால், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நெட் போகவில்லை. ஏற்கெனவே முகவரி வாங்கியிருந்த கணினிகள், அந்த முகவரிக்கான கெடுவில் பாதி கழிந்ததும் நம் ரவுட்டரையே நேராகக் கேட்டு நீட்டித்துக்கொள்ளும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. புதிதாக இணைகிறவையும் கணினியை மறுபடி போட்டவர்களும்தான் மாட்டுவார்கள். அப்போது கேள்வி எல்லாருக்கும் கேட்கும்படி போகும், இரண்டு ரவுட்டரில் முந்திப் பதில் சொல்வது எதுவோ அதன் பேச்சைக் கணினி கேட்டுக்கொள்ளும். அதனால் ‘ரீஸ்டார்ட் பண்ணினேன், அதிலிருந்து வரல’ என்று ஒருவர் சொல்லும்போது பக்கத்து மேசையில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கணினியில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். கேட்வேக்கு பிங் அடித்தாலும் பதில் வரும், ஏனென்றால் அந்தத் தவறான ரவுட்டர் உயிரோடுதானே இருக்கிறது? அதற்குப் பின்னால் இணையம் இல்லை, அவ்வளவுதான்.

பெட்டியைத் தேடி அறை அறையாக அலைய வேண்டாம். மாட்டிக்கொண்ட கணினியிலேயே `arp -a` அடியுங்கள். அன்று 192.168.0.1 என்ற வரிக்கு எதிரே அந்தப் பெட்டியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரி இருந்தது. ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில் மேக் முகவரி அட்டவணையைத் திறந்து அதைத் தேடினால், 17ஆம் போர்ட் என்று வந்தது. 17 எந்தச் சுவருக்குப் போகிறது என்பதை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். (அந்தத் தாளைத் தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஒரு கேபிளை மாற்றினால் தாளிலும் மாற்றுங்கள்.)

பெட்டியைப் பிடுங்கியதோடு வேலை முடியாது. மாட்டிய கணினிகள் அந்தத் தவறான முகவரியை விடாமல் வைத்திருக்கும், அவற்றில் இதை அடியுங்கள்:

```
ipconfig /release
ipconfig /renew
```

கூட்ட அறைக்கு வைஃபை தேவை என்பது நியாயமான புகார்தான். அதனால் அதே பெட்டியில் டிஹெச்சிபியை நிறுத்தி, அதற்கு 192.168.10.5 என்ற நிலையான முகவரி கொடுத்து, அதே LAN துளையில் திரும்பச் செருகினேன். இப்போது அது வெறும் வைஃபை கருவியாக இருக்கிறது. யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தினால் பழைய குணம் திரும்பிவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

அதற்கப்புறம் ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டுவிட்டேன். முகவரி கொடுக்கும் உரிமை 1ஆம் போர்ட்டில் இருக்கும் ரவுட்டருக்கு மட்டும்தான், வேறு போர்ட்டிலிருந்து வந்தால் ஸ்விட்ச் தூக்கி எறிந்துவிடும். நன்றாக வேலை செய்கிறது, ஆனால் இரண்டு விஷயம். மேசையடியில் இருக்கும் சின்ன ஸ்விட்சில் தவறான ரவுட்டரும் கணினிகளும் ஒன்றாக இருந்தால், பேச்சு நம் ஸ்விட்சுக்கு வராமலே முடிந்துவிடும், தடுக்க வழியில்லை. இன்னொன்று, இதைவிட முக்கியம்: ரேக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது ரவுட்டர் கேபிளை 1இலிருந்து எடுத்து 2இல் செருகினால், நம் ரவுட்டரே தவறான ரவுட்டர் ஆகிவிடும். விளக்குகள் எல்லாம் எரியும், யாருக்கும் முகவரி கிடைக்காது. இணைகிற எல்லாக் கணினியிலும் 169.254 பார்த்தால், ரவுட்டரைத் தொடும் முன் 1ஆம் போர்ட்டைப் பாருங்கள்.

ஒரே ஒரு கணினியில் மட்டும் 169.254 என்றால் கேபிள், இல்லையென்றால் சுவர்த் துளை. பழையவர்களுக்கு ஓடி, புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லையென்றால் அந்த 100 முகவரியும் தீர்ந்துவிட்டது. விருந்தினர் போன்கள் அதிகம் வரும் நாட்களில் இது நடக்கும். ரவுட்டரின் பட்டியலில் எண்ணிப் பார்த்து, கெடுவைக் குறையுங்கள். இப்போது 8 மணி நேரம் வைத்திருக்கிறேன்.

மூன்று வரியும் சரியாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் சர்வரிலிருந்து கோப்பு நகர நேரமெடுக்கிறதா? நெட்வொர்க் அடாப்டரின் நிலையில் வேகத்தைப் பாருங்கள். 1 ஜிகாபிட் வர கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். நாற்காலிச் சக்கரம் ஏறி மற்ற இரண்டில் ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றினால் போதும்.

முகவரியெல்லாம் பார்க்கவே முடியாமல் மொத்த அலுவலகமும் நின்று, ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடத்தால் அது லூப். மேசையடி ஸ்விட்சில் தொங்கிய கேபிளின் மறுமுனையை யாரோ அதே ஸ்விட்சில் செருகியிருப்பார்கள். லூப் பாதுகாப்பு போட்டிருப்பதால் பொதுவாக அந்தப் போர்ட்டை மட்டும் ஸ்விட்ச் மூடிவிடும், மற்றவர்கள் பிழைப்பார்கள். அது பிடிக்காமல் விட்டால் மேசைகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் படபடப்பு அடங்குகிறதோ அந்த மேசைக்குப் போங்கள்.

பிரிண்டர் ‘Offline’ என்று காட்டினால் அதன் முகவரி மாறியிருக்கலாம். எல்லாப் பிரிண்டருக்கும் ரவுட்டரில் முகவரி ஒதுக்கிவைத்திருக்கிறேன். புதிது வாங்கினால் அதன் மேக் முகவரியை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு அப்புறம் கணினிகளில் நிறுவுங்கள். ரவுட்டர், ஸ்விட்ச் இரண்டின் அமைப்பு நகலும் சர்வரில் இருக்கிறது, அச்சடித்த கடவுச்சொல் உறை அலுவலக மேலாளரிடம். நான் போன அன்றே கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.