பாரம் ஏற்றினால் அதிரும் பிக்கப்: கிராஸ் மட்டுமா, பேரிங்கும் சேர்த்தா, ஷாஃப்டே புதிதா?

காலியாக ஓடும்போது சத்தமே இல்லை. ஒன்றரை டன் ஏற்றி முதல் கியரில் கிளம்பினால் 10 முதல் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் தரை குலுங்குகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இரண்டு துண்டாக உள்ள பிக்கப்பில் இப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பரை. பாரத்தில் பின் பட்டை ஸ்பிரிங் தாழ்ந்து ஷாஃப்டின் கோணம் மாறுகிறது, இழுவையும் கூடுகிறது. ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பேரிங்கைத் தள்ளும். ரப்பர் நன்றாக இருந்தால் அந்தத் தள்ளலை அது விழுங்கிவிடும், கிழிந்திருந்தால் அப்படியே சேஸிஸுக்குப் போகும்.

60க்கு மேல் போகப் போகக் கூடும் அதிர்வு வேறு வகை. அங்கே கிராஸ் தேய்மானம், ஷாஃப்ட் பேலன்ஸ், டயர் மூன்றையும் சந்தேகிக்கலாம். டிஃப்பரன்ஷியல் விகிதம் 4 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றும். அதனால் டயர் கோளாறு மெதுவான ஆட்டமாகவும் ஷாஃப்ட் கோளாறு சீட்டுக்கடியில் நெருக்கமான நடுக்கமாகவும் தெரியும்.

கிராஸ் மட்டும் மாற்றுவது செலவு குறைந்த வழி. ஷாஃப்டைக் கையால் முறுக்கும்போது கிராஸில் ஆட்டம் தெரிந்து, ரப்பர் கிழியாமல், பேரிங் கரகரப்பின்றிச் சுற்றினால் இதுவே போதும். வேலை சுத்தமாக நடக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் கிராஸைப் பிடிக்கும் யோக்கின் காது வளையும். வைஸில் வைத்து அழுத்தி ஏற்றுவதே சரி. கிராஸின் முனையில் ஏறும் கப்புக்குள் ஓர் ஊசி ரோலர் சாய்ந்து விழுந்தால்கூட சர்க்லிப் பள்ளத்தில் உட்காராது. உட்காரவில்லை என்றால் அடிக்காமல் கழற்றிப் பாருங்கள்.

பாரத்தோடு கிளம்பும்போது வரும் அந்தக் குலுக்கல் இருந்தால் சென்டர் பேரிங்கையும் எல்லா கிராஸையும் ஒரே தடவையில் மாற்றுவதையே பரிந்துரைப்போம். பேரிங்கை எடுக்க எப்படியும் ஷாஃப்ட் கீழே இறங்கும், பிரித்துக் கோர்க்கும் கூலி ஒன்றுதான். தேய்ந்த கிராஸை விட்டுவைத்தால் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். கழற்றுமுன் ஃபிளாஞ்சுகளிலும், ஷாஃப்டின் பல் வெட்டிய இணைப்பான ஸ்ப்லைனிலும் பெயிண்ட்டால் கோடு போடுங்கள். ஸ்ப்லைன் ஒரு பல் மாறி ஏறினால் இரு முனை யோக்குகளின் நேர்க்கோடு கெட்டு, புது பாகங்களோடும் அதிரும். நிப்பிள் உள்ள கிராஸில் நான்கு கப் சீலிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புது கிரீஸ் ஏற்றுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் ஷாஃப்டைக் கழற்றவே கூடாது. அது கழன்றபின் கியரில் நிறுத்திய வண்டியும் உருளும்.

முழு ஷாஃப்டும் புதிதாக வாங்குவது மூன்று நிலைகளில்தான் நியாயம்: ஸ்ப்லைனில் ஆட்டம், யோக்கில் கப் உட்காரும் துளை தளர்ந்திருப்பது, குழாய் நசுங்கியிருப்பது. புதுக் கப் கைவிரல் அழுத்தத்திலேயே துளைக்குள் நழுவி இறங்கினால் அந்த யோக் முடிந்தது. இந்த நிலையில் பழைய இரும்புக் கடை ஷாஃப்டைத் தேடாதீர்கள், அதன் ஸ்ப்லைனும் ஏற்கனவே தேய்ந்திருக்கக்கூடும். குழாயை வெட்டி வெல்டிங் செய்தால் பேலன்ஸிங் மெஷினில் ஏற்றாமல் மாட்டக் கூடாது.